"தனால் நாளை கிளம்ப வேண்டாம்": தலை இல்லாமல் வரும் மெசேஜை என்ன செய்வது?

ஒரு பெரியவர் தன் பட்டன் போனைக் கடை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, மெட்ராஸ்ல இருந்து பையன் மெசேஜ் போட்டிருக்கான். தனால்னு ஆரம்பிக்குது. தனால்னா என்னப்பா?"

வாங்கிப் பார்த்தேன். திரையில் இருந்தது இவ்வளவுதான்: "தனால் நாளை கிளம்ப வேண்டாம்." எதனால் கிளம்ப வேண்டாம் என்பது இல்லை. மறுநாள் காலை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். பையனுக்கு போன் போட்டால் எடுக்கவில்லை.

செல்போன் சர்வீஸ் கடையில் இந்தக் கோளாறு அடிக்கடி வரும். ஆள் மாறும், போன் மாறும், மெசேஜ் மட்டும் "அதனால்", "அப்புறம்", "ஆகவே" என்று பாதியில் தொடங்கும். முன்பாதி எங்கே என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் பத்துப் பைசா செலவில்லாமல் தீர்கிற விஷயம். ஆனால் எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் போனை ரீசெட் அடித்துவிட்டு வந்து நிற்பவர்களும் உண்டு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

## எதையும் தொடும் முன்: முதல் எழுத்தைப் பாருங்கள்

மெசேஜ் எந்த எழுத்தில் தொடங்குகிறது என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

"தனால்", "றகு", "ப்புறம்" என்று சொல்லின் நடுவில் தொடங்கினாலோ, ஒரு புள்ளி வட்டத்தின் மேல் கால் மட்டும் தொங்கிக்கொண்டு "◌ால்" என்று நின்றாலோ, அது ஒரே நீள எஸ்எம்எஸ்ஸின் இரண்டாம் துண்டு. அறிகுறி 1 அல்லது 2-க்குப் போங்கள்.

"அதனால்" என்று முழுச் சொல்லாகச் சுத்தமாகத் தொடங்கினால், பெரும்பாலும் அது தனி மெசேஜ். அதற்கு முன்னால் அனுப்பிய இன்னொரு மெசேஜ்தான் வரவில்லை. அறிகுறி 3. (வெட்டு தற்செயலாகச் சொல் இடைவெளியில் விழுந்து ஏமாற்றுவதும் உண்டு. 3-இல் சொன்னது எதுவும் பொருந்தாவிட்டால் 1-க்குத் திரும்பி வாருங்கள்.)

வெட்டு ஏன் சொல்லின் நடுவில் விழுகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்குள் 70 குறிகள்தான் அடங்கும். அதற்கு மேல் போனால் போன் அதைத் துண்டுகளாக்கும். ஒவ்வொரு துண்டிலும் "இது இரண்டில் ஒன்றாவது" என்கிற சீட்டு ஒன்றையும் ஒட்ட வேண்டியிருப்பதால் துண்டுக்கு 67 குறிகள்தான் மிஞ்சும். சொல் முடிந்ததா என்று வெட்டுகிறவன் பார்ப்பதில்லை. 67 ஆனதும் வெட்டு.

குறி என்பது நாம் எண்ணுகிற எழுத்து அல்ல. "அப்பா" நமக்கு மூன்று எழுத்து. போனுக்கு ஐந்து: அ, ப, புள்ளி, ப, கால். "ஸ்ரீ" நமக்கு ஒன்று, போனுக்கு நான்கு. அதனால்தான் தமிழில் சின்ன மெசேஜ் என்று நினைப்பதுகூட இரண்டு துண்டாகிவிடுகிறது. ஆங்கில எழுத்தில் மட்டும் அடித்தால் 160 வரை ஒரே மெசேஜாகப் போகும். நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ ஒரு ஸ்மைலியோ வந்தால் முழு மெசேஜும் 70 கணக்குக்கு இறங்கிவிடும்.

அந்தப் பையன் அனுப்பியது இதுதான் என்று பிறகு தெரிந்தது:

"அப்பா, நாளைக்கு டாக்டர் ஊரில் இல்லை. வியாழக்கிழமை தான் வருவாராம். அதனால் நாளை கிளம்ப வேண்டாம்."

இடைவெளி, கமா, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து மொத்தம் 94 குறிகள். "வருவாராம்." முடிந்து ஓர் இடைவெளி விட்டால் 66. அறுபத்தேழாவதாக "அதனால்" என்பதன் "அ" மட்டும் முதல் துண்டில் ஏறிக்கொண்டது. மீதி 27 குறிகள் "தனால்" என்று இரண்டாம் துண்டாகப் போயின. முதல் இரண்டு முற்றுப்புள்ளிகளையும் பையன் போடாமல் விட்டிருந்தால் வெட்டு இரண்டு குறி தள்ளி விழுந்து, பெரியவர் "◌ால் நாளை கிளம்ப வேண்டாம்" என்று படித்திருப்பார். அப்போது என்னிடம் என்ன கேட்டிருப்பாரோ!

## அறிகுறி 1: சொல்லின் நடுவில் தொடங்குகிறது, போன் பட்டன் போன்

பட்டன் போன்களில் பல, எல்லாத் துண்டும் வந்து சேரும்வரை காத்திருக்காது. வந்ததை வந்தபடி காட்டிவிடும். ஆக இங்கே கேள்வி ஒன்றுதான்: முதல் துண்டு ஏன் உள்ளே வரவில்லை?

### மெமரி நிறைந்திருக்கிறதா?

முதலில் இதைப் பாருங்கள். பத்தில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் அனுபவம். திரை மேலே உறை படம் விட்டு விட்டு மின்னினால் இன்பாக்ஸ் நிறைந்துவிட்டது என்று பொருள். மின்னாவிட்டாலும் மெசேஜ் மெனுவில் மெமரி நிலவரம் என்ன என்று பாருங்கள். சில போன்கள் மெசேஜ்களைச் சிம்மில் சேமிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். சிம்மில் சில பத்து மெசேஜ்களுக்குத்தான் இடம். ரீசார்ஜ் விளம்பரங்களே அதை ஒரு வாரத்தில் நிரப்பிவிடும்.

பெரியவர் போனில் நடந்தது அதுதான். ஒரே ஓர் இடம் காலியாக இருந்திருக்கிறது. துண்டுகள் வரிசைப்படிதான் வரும் என்று எந்த உறுதியும் இல்லை; நெட்வொர்க்குக்கு அவை இரண்டு தனி மெசேஜ்கள். இரண்டாவது முந்திக்கொண்டு வந்து அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. முதல் துண்டு வந்தபோது போன் "இடமில்லை" என்று திருப்பிவிட்டது.

செய்ய வேண்டியது: பழைய விளம்பர மெசேஜ்களில் ஒரு பத்தையாவது அழியுங்கள். அனுப்பியவை, டிராப்ட் ஆகியவற்றையும் பாருங்கள், அவையும் அதே இடத்தைத்தான் தின்னும். பாதி வந்த மெசேஜை மட்டும் அழிக்காதீர்கள். இடம் கிடைத்ததும் "இப்போது வாங்கிக்கொள்ள முடியும்" என்று போனே நெட்வொர்க்குக்குச் சொல்லும், நெட்வொர்க் வைத்திருந்த துண்டை அனுப்பும். சில நிமிடம் பொறுங்கள். வராவிட்டால் போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

பெரியவர் போனில் 14 விளம்பரங்களை அழித்தேன். அவர் டீ வாங்கி வருவதற்குள் "அப்பா, நாளைக்கு டாக்டர்..." வந்து நின்றது, கடைசியில் தன்னந்தனியாக ஒரு "அ"வோடு. பையன் அனுப்பி ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

### சிக்னல்

மெமரியில் இடம் இருக்கிறது என்றால் அடுத்தது சிக்னல். ஒரு துண்டு வரும்போது கோடு இருந்து, இன்னொன்று வரும்போது இல்லாமல் போயிருக்கலாம். தவறிய துண்டை நெட்வொர்க் உடனே தூக்கிப் போடுவதில்லை. திரும்பத் திரும்ப முயலும், ஆனால் ஒவ்வொரு முயற்சிக்கும் இடையில் இடைவெளி கூடிக்கொண்டே போகும். அதனால் இப்போது நல்ல சிக்னல் இருந்தாலும் அடுத்த முயற்சி இன்னும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் இருக்கலாம்.

மாடிக்கோ வெளியே திறந்த இடத்துக்கோ போய் போனை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். போன் மறுபடி நெட்வொர்க்கில் பதிவாகும்போது காத்திருக்கும் மெசேஜ்கள் வர வாய்ப்பு அதிகம். பல நெட்வொர்க்குகள் ஒன்று முதல் மூன்று நாள்வரைதான் வைத்திருக்கும். அதற்குள் வரவில்லை என்றால் அந்தத் துண்டு போய்விட்டது, இனி தேடிப் பயனில்லை. அனுப்பியவரிடம் மறுபடி கேளுங்கள்.

### சிம்

மேலே சொன்ன இரண்டும் சரியாக இருந்தும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால், சிம்மைக் கழற்றி வேறொரு போனில் ஒரு நாள் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அதே கதை என்றால் சிம் பழசாகியிருக்கிறது. நிறுவனத்தின் கடையில் அதே எண்ணுக்குப் புதுச் சிம் வாங்குங்கள், அடையாள அட்டை வேண்டும். புதுச் சிம் போட்ட முதல் நாள் எஸ்எம்எஸ் வராமல் இருப்பது வழக்கம்தான், பயப்பட வேண்டாம்.

அங்கே ஒழுங்காக வருகிறது என்றால் குறை போனில். பட்டன் போனுக்கு இதற்காக உள்ளே சர்க்யூட் பலகையில் வேலை பார்ப்பது வீண் என்பது என் கருத்து. அந்தக் கூலிக்கு இன்னொரு போனே வாங்கிவிடலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். செட்டிங்ஸில் மெசேஜ் சென்டர் எண் என்று ஒன்று இருக்கும். யாரோ சொன்னார்கள் என்று அதை மாற்றிவிட்டு வருகிறார்கள். அந்த எண் நீங்கள் *அனுப்புவதற்கு*. வருகிற மெசேஜுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மாற்றினால் வருவது சரியாகாது, போவதும் நின்றுவிடும்.

## அறிகுறி 2: சொல்லின் நடுவில் தொடங்குகிறது, போன் ஸ்மார்ட்போன்

இங்கே கணக்கு தலைகீழ். ஆண்ட்ராய்டு போன் துண்டுகளைத் தனக்குள் வைத்துக்கொண்டு, எல்லாம் வந்து சேர்ந்த பிறகே மெசேஜைக் காட்டும். ஒரு துண்டு குறைந்தாலும் எதையும் காட்டாது. ஆக ஸ்மார்ட்போனில் பாதிச் சொல்லில் தொடங்கும் மெசேஜ் தெரிகிறது என்றால், அதில் "இரண்டில் இரண்டாவது" என்ற சீட்டே ஒட்டப்படவில்லை. தவறு பெரும்பாலும் அனுப்பிய பக்கம்.

யார் அனுப்பியது என்று பாருங்கள். ஏதாவது சங்கம், டியூஷன் சென்டர், கோயில் கமிட்டி என்றால் அவர்கள் மொத்தமாக மெசேஜ் அனுப்பும் சேவையை வைத்திருப்பார்கள். அந்தச் சேவையோ அதில் இணைத்த மென்பொருளோ நீள மெசேஜை வெறுமனே வெட்டித் தனித்தனியாக அனுப்பியிருக்கும். இதை உறுதி செய்ய எளிய வழி, அதே மெசேஜ் வந்த, வேறு நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் இன்னொருவரிடம் கேட்பது. அவருக்கும் அதே இடத்தில் உடைந்திருந்தால் உங்கள் போனில் கை வைக்க வேண்டாம்.

எங்கள் தெருச் சங்கத்தில் இப்படி நடந்தது. தண்ணீர்த் தொட்டி கழுவுகிற நாள் பற்றி ஒரு மெசேஜ். 60 வீட்டுக்கும் இரண்டு துண்டாக வந்தது, பலருக்கு இரண்டாவது முதலில் வந்தது. "ரம் தண்ணீர் வராது" என்று படித்துவிட்டு ஆளாளுக்குச் செயலாளருக்கு போன். சிரித்து முடித்த பிறகு பார்த்தால், அனுப்பும் பலகத்தில் நீள மெசேஜைச் சேர்த்து அனுப்பும் தேர்வு அணைந்திருந்தது. அதைப் போட்டதும் சரியாயிற்று.

நீங்கள்தான் அனுப்புகிறவர் என்றால், பலகத்தில் யூனிகோட், நீள மெசேஜ் ஆகிய இரண்டு தேர்வுகளையும் பாருங்கள். பிறகு 100 குறிக்கு மேல் வருகிற ஒரு தமிழ் மெசேஜை உங்கள் எண்ணுக்கே அனுப்பிப் பாருங்கள். இரண்டாக வந்தால் சேவை நடத்துகிறவரிடம்தான் பேச வேண்டும். "மெசேஜ் சரியாக வரவில்லை" என்று மட்டும் சொன்னால் அவர்கள் "எங்கள் பக்கம் டெலிவர்டு" என்பார்கள். "தமிழில் நீள மெசேஜ் அனுப்பினால் சேர்ப்புத் தலைப்பு இல்லாமல் வருகிறது" என்று சொல்லுங்கள், நான் சீட்டு என்றது அதைத்தான், உடனே புரியும்.

## அறிகுறி 3: "அதனால்" என்று முழுச் சொல்லாகத் தொடங்குகிறது

இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மெசேஜ் முழுதாக இருக்கிறது, முற்றுப்புள்ளி இருக்கிறது. அனுப்பியவர் அவசரத்தில் எழுதிவிட்டார் போல என்று விட்டுவிடுகிறார்கள்.

### முந்தைய நீள மெசேஜ் போனுக்குள்ளேயே மறைந்திருக்கிறது

ஸ்மார்ட்போன் எல்லாத் துண்டும் வரும்வரை காட்டாது என்றேன் அல்லவா, அதன் மறுபக்கம் இது. உங்கள் தங்கை முதலில் ஒரு நீள மெசேஜ் அனுப்புகிறாள், நான்கு துண்டு. மூன்று வந்துவிட்டது, ஒன்று எங்கோ நிற்கிறது. போன் மூன்றையும் மடியில் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது, ஒரு மணிகூட அடிக்காது. அடுத்து அவள் "அதனால் நீயே வந்துடு" என்று அனுப்புகிறாள். அது ஒற்றைத் துண்டு, நேராக வந்து நிற்கிறது. இரண்டு பேர் போனும் பழுதில்லை, இரண்டு பேரும் பொய் சொல்லவும் இல்லை.

ஏர்பிளேன் மோடை 30 விநாடி போட்டு எடுங்கள். பத்து நிமிடத்தில் வராவிட்டால் அவளிடம் அந்த நீள மெசேஜை அப்படியே மறுபடி அனுப்பச் சொல்லாதீர்கள். இரண்டு மூன்று சின்ன மெசேஜாகப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். நான்கு துண்டும் சேர்ந்து வந்தால்தான் உண்டு என்ற நிலை போய், வந்தது வரை படிக்கலாம் என்றாகிவிடும். அவள் அடிக்கும்போது பெட்டியின் ஓரத்தில் `12 / 2` என்பது போல ஓர் எண் வரும். பின்னால் இருக்கும் 2 என்பது எத்தனை துண்டு என்பது. அது தோன்றுவதற்கு முன்பே அனுப்பிவிட்டால் போதும்.

மெசேஜ் செயலியின் டேட்டாவை அழிப்பது, போனை ரீசெட் அடிப்பது இரண்டும் வேண்டாம். உள்ளே காத்திருக்கும் மூன்று துண்டும் அதோடு போக வாய்ப்பு உண்டு.

### முதல் மெசேஜ் வேறு வழியில் போயிருக்கிறது

கூகுள் மெசேஜ் செயலியில் இருவரும் ஆர்சிஎஸ் வைத்திருந்தால் மெசேஜ் எஸ்எம்எஸ்ஸாகப் போகாது, இணையம் வழியாகப் போகும். உங்கள் போனில் டேட்டா அணைந்திருந்தால் முதல் மெசேஜ் அங்கே நிற்கும். கொஞ்ச நேரத்தில் அனுப்பியவர் போன் "இவருக்கு இணையம் இல்லை" என்று கண்டுகொண்டு அடுத்த மெசேஜை எஸ்எம்எஸ்ஸாக அனுப்பும். அது உடனே வந்துவிடும். டேட்டாவைப் போட்டதும் முந்தையது வருகிறதா என்று பாருங்கள், வந்துவிட்டால் கதை முடிந்தது. இது அடிக்கடி நடந்தால், அனுப்புகிறவர் செயலியில் ஆர்சிஎஸ் அமைப்புக்குள் போய், போகாத மெசேஜைத் தானாக எஸ்எம்எஸ்ஸாக அனுப்பும் தேர்வைப் போட்டுக்கொள்ளலாம்.

ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறியவர்களுக்கு இதே சிக்கல் இன்னொரு உருவத்தில் வரும். ஐபோன் வைத்திருக்கும் நண்பர்களின் மெசேஜ்கள் இன்னும் `iMessage` வழியாகவே உங்கள் பழைய போனைத் தேடிக்கொண்டிருக்கும். பழைய போன் கையில் இருந்தால் அதில் `iMessage`-ஐ அணையுங்கள். விற்றுவிட்டீர்கள் என்றால் உங்கள் எண்ணை அதிலிருந்து நீக்க ஆப்பிள் தளத்தில் ஒரு பக்கம் இருக்கிறது, எண்ணைப் போட்டால் ஒரு குறியீடு எஸ்எம்எஸ்ஸில் வரும்.

### எம்எம்எஸ்ஸாக மாறிவிட்டது

சில செயலிகள் மெசேஜ் ரொம்ப நீண்டால் சொல்லாமல் கொள்ளாமல் அதை எம்எம்எஸ்ஸாக மாற்றிவிடும். அனுப்பும் பொத்தான் அருகில் `MMS` என்று சின்னதாக வரும், யார் கவனிக்கிறார்கள்? எம்எம்எஸ் இங்கே யாரும் பயன்படுத்துவதில்லை, பல போன்களில் அதற்கான அமைப்பே சரியாக இருக்காது. அனுப்பியவர் திரையைப் பார்த்தால் அந்த மெசேஜின் கீழே தெரிந்துவிடும். பிரித்து அனுப்புவதுதான் இதற்கும் வழி.

## அறிகுறி 4: முன்பாதி இருக்கிறது, ஆனால் அது வேறு சங்கதி

"உங்கள் நகைக் கடன் தவணை வரும் 10ஆம் தேதிக்குள்... அதனால் கூட்டத்துக்கு அனைவரும் வரவும்" என்பது போல. என் கைக்கு இதுவரை இரண்டு முறைதான் வந்திருக்கிறது, இரண்டும் மொத்தமாக அனுப்பும் இடங்களிலிருந்து.

துண்டுகளில் ஒட்டும் சீட்டில் ஒரு மெசேஜ் எண் இருக்கும். பெரும்பாலும் அது 0 முதல் 255 வரைதான், அதற்கு மேல் போனால் மறுபடி 0. போன வாரம் வந்த ஒரு மெசேஜின் முதல் துண்டு மட்டும் உங்கள் போனுக்குள் துணையில்லாமல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்திலிருந்து அதே எண்ணோடு, அதே எண்ணிக்கைத் துண்டுகளாக இன்னொரு மெசேஜ் வருகிறது, அதன் இரண்டாம் துண்டு முந்திக்கொண்டு. போன் இரண்டையும் ஜோடி சேர்த்துவிடும். புது மெசேஜின் முதல் துண்டு இப்போது துணையில்லாமல் உள்ளே உட்காரும்.

நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பணம், தேதி சம்பந்தப்பட்டது என்றால் அனுப்பிய இடத்துக்கு நேரில் போயோ, பாஸ்புக்கில் இருக்கும் எண்ணுக்கு போன் செய்தோ கேட்டுவிடுங்கள். ஒட்டிப்போன மெசேஜை நம்பித் தவணை கட்டாதீர்கள்.

## அறிகுறி 5: வாட்ஸ்அப்பில் "அதனால்" என்று தொடங்குகிறது

வாட்ஸ்அப் மெசேஜைத் துண்டாக்குவதில்லை. ஆகவே பாதிச் சொல்லில் தொடங்கினால் அனுப்பியவர் அப்படி அடித்திருக்கிறார், அவ்வளவுதான். முந்தைய மெசேஜ் இல்லை என்றால் மேலே உருட்டிப் பாருங்கள்.

அங்கே `Waiting for this message. This may take a while.` என்று இருந்தால் மெசேஜ் வந்துவிட்டது, பூட்டைத் திறக்கும் சாவிதான் பொருந்தவில்லை. இருவரில் ஒருவர் அண்மையில் வாட்ஸ்அப்பை அழித்துப் போட்டிருந்தாலோ புது போன் மாற்றியிருந்தாலோ இப்படி வரும். உங்கள் பக்கம் எதுவும் செய்ய வேண்டாம். அனுப்பியவர் தன் போனில் இணையத்தோடு வாட்ஸ்அப்பைத் திறந்தால் பெரும்பாலும் தானாகத் திறந்துகொள்ளும். அவர் போனை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தால் காலைவரை காத்திருக்க வேண்டியதுதான். இருவரும் செயலியைப் புதுப்பித்துக்கொள்வது நல்லது. இதற்காக நீங்களும் வாட்ஸ்அப்பை அழித்துப் போட்டால் சிக்கல் இரண்டாகும்.

மேலே ஒன்றுமே இல்லை, அது குழு, நீங்கள் இப்போதுதான் சேர்ந்தீர்கள் என்றால் அது கோளாறே அல்ல. சேர்வதற்கு முன் பேசியது பொதுவாக உங்களுக்கு வராது. குழுவில் யாரையாவது கேளுங்கள்.

அப்புறம், மேலே திறக்காத குரல் பதிவோ இறங்காத படமோ இருக்கிறதா என்றும் பாருங்கள். முன்பாதியைப் பேசி அனுப்பிவிட்டுப் பின்பாதியை அடித்து அனுப்புகிறவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

## அறிகுறி 6: தெரியாத எண்ணிலிருந்து "அப்போ நாளைக்கே பணத்தைப் போட்டுடவா?"

இதற்கு முன்பாதியைத் தேடாதீர்கள், இருக்காது. நடுவில் தொடங்கினால் "யார் நீங்கள், எந்தப் பணம்?" என்று நீங்கள் கேட்பீர்கள் என்பதற்காகவே அப்படி எழுதுகிறார்கள். பதில் போடாமல் தடுத்துவிடுங்கள். உண்மையிலேயே தெரிந்தவர் என்றால் போன் செய்வார். ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் உடனே 1930-க்கு அழையுங்கள், அந்த எண் இணையப் பண மோசடிக்கானது.

## எப்போது நிறுவனத்தை அழைப்பது

மெமரி காலி, சிக்னல் நன்றாக இருக்கிறது, சிம்மை வேறு போனில் போட்டும் பார்த்தாயிற்று, புதுச் சிம்மும் வாங்கியாயிற்று, இன்னும் வெவ்வேறு ஆட்களிடமிருந்து வரும் மெசேஜ்களில் தலை காணாமல் போகிறது என்றால் அது நெட்வொர்க் பக்கம். கடைக்காரனால் ஆவது ஒன்றுமில்லை. உங்கள் எண்ணிலிருந்தே 198-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள், அது இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது.

அழைக்கும் முன் மூன்று மெசேஜ்களின் விவரத்தைக் குறித்து வைத்திருங்கள்: அனுப்பியவர் எண், அவர் அனுப்பிய நேரம், உங்களுக்குப் பின்பாதி வந்த நேரம். அந்த நேரத்தை வைத்துத்தான் அவர்கள் தங்கள் பதிவில் தேட முடியும். மெசேஜில் என்ன இருந்தது என்பது அவர்களுக்குத் தேவையில்லை, சொல்லவும் வேண்டாம்.

புகார் தீரும்வரை அவசரச் செய்தி அனுப்புகிறவர்களிடம் ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கச் சொல்லுங்கள். 160 குறி கிடைக்கும், பெரும்பாலான வீட்டுச் சேதி ஒரே துண்டில் அடங்கிவிடும். அந்தப் பெரியவரின் பையன் இப்போது அப்படித்தான் அனுப்புகிறான். அவருக்கு ஆங்கில எழுத்து படிக்க வராது, அதனால் மெசேஜ் வந்ததும் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிடுகிறார்.